'ஒரே நாளில் ரெடி, 6 மாதம் கேரண்டி': கடை போர்டில் இருக்கும் இந்த ஒரு வரியை எப்படிப் படிக்கணும்?



போன வருஷம் என் போன் பைக் டேங்க் மேலிருந்து நழுவி ரோட்டுல விழுந்துச்சு. டிஸ்ப்ளே காலி. மாசக் கடைசி. ஆபீஸ் லாகின் ஓடிபி, யுபிஐ, வீட்டு வாடகை அனுப்புறது எல்லாமே அந்த ஒரு போன்லதான். ஒரு நாள் கூட அது இல்லாம இருக்க முடியாத நிலை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை போர்டு கண்ணுல பட்டுச்சு: "எல்லா மொபைலும் ஒரே நாளில் சர்வீஸ்! 100% ஒரிஜினல்! 6 மாத கேரண்டி!"

3,400 ரூபாய் கொடுத்தேன். சாயங்காலமே போன் கைக்கு வந்துடுச்சு. நாலாவது மாசம் ஸ்க்ரீனோட கீழ்ப்பகுதியில ஒரு விரல் அகலத்துக்கு டச் வேலை செய்யல. கீபோர்டுல ஸ்பேஸ் பட்டனே அடிக்க முடியல. கேரண்டிதான் இருக்கேன்னு தைரியமா அதே கடைக்குப் போனேன். ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "சார், இது பிரஷர். பேன்ட் பாக்கெட்ல வச்சு உக்காந்திருப்பீங்க. இதெல்லாம் கேரண்டில வராது"ன்னு சொல்லிட்டாங்க.

பில்லை எடுத்துப் பார்த்தேன். "டிஸ்ப்ளே 3400, 6 மா. கே." அவ்வளவுதான். எதுக்குக் கேரண்டி, எது வராது, கெட்டுப்போனா என்ன செய்வாங்க, ஒண்ணுமே எழுதல. அந்த "கே" எழுத்தை நம்பித்தான் நான் 3,400 கொடுத்திருக்கேன். இன்னொரு டிஸ்ப்ளே போட்டப்போ மொத்தச் செலவு ஏழாயிரத்தைத் தொட்டுடுச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு செங்கல்பட்டுல மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கிற என் ஸ்கூல் ஃப்ரெண்ட் போன் பண்ணினான். "டேய், புது ஃப்ளெக்ஸ் அடிக்கப் போறேன், வாசகம் எழுதிக் கொடு"ன்னான். அவன் மனசுல வச்சிருந்த வாசகமும் கிட்டத்தட்ட அதேதான்: ஒரே நாள், ஒரிஜினல், 6 மாதம். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அவன் கடையில உக்காந்து அந்த ஒரு வரியை நேர்மையான வரியா மாத்தினோம். ஒரு கடைக்காரர் எந்த வாக்கை நிஜமாவே காப்பாத்த முடியும், எதைக் காப்பாத்தவே முடியாதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அதை அப்படியே உங்களுக்குச் சொல்றேன். அடுத்த முறை போர்டைப் பார்க்கும்போது உங்க காசு பத்திரமா இருக்கும்.

முதல் வார்த்தை: "ஒரே நாளில்"

நான் கேட்ட முதல் கேள்வி: "ஒரே நாள்னா, எப்போலருந்து?"

அவன் சிரிச்சான். அப்புறம் யோசிச்சான். காலைல பத்து மணிக்கு வர்ற கஸ்டமருக்கும் ராத்திரி ஏழு மணிக்கு வர்றவருக்கும் ஒரே வாக்கு கொடுக்க முடியாது. அதைவிடப் பெரிய விஷயம் பார்ட். அதிகமா விக்கிற மாடல்களுக்கு டிஸ்ப்ளே அவன் கடையிலேயே ஸ்டாக் இருக்கும். இல்லாத மாடல்னா ட்ரெயின் பிடிச்சு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கிட்டு வரணும். அப்போ அது அடுத்த நாள் வேலைதான்.

அடுத்து, வேலையைப் பொறுத்தும் நேரம் மாறும். டிஸ்ப்ளே, பேட்டரி மாத்துறது ஒண்ணு ரெண்டு மணி நேர வேலை. சார்ஜிங் பிரச்சனைன்னா பல மாடல்கள்ல சார்ஜிங் போர்ட் தனியா ஒரு சின்ன போர்டுல இருக்கும். ஸ்க்ரூ கழட்டி அந்த போர்டை மாத்தினா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். சில மாடல்கள்ல அது மெயின் போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கும். அதைச் சூடு காட்டி எடுத்து மாத்துறது வேற வேலை, வேற நேரம், வேற ரிஸ்க்.

தண்ணில விழுந்த போன்தான் இதுல ரொம்ப மோசம். திறந்து, போர்டை ஆல்கஹால்ல சுத்தம் பண்ணி, காய வச்சா அன்னைக்கே ஆன் ஆகலாம். கஸ்டமரும் சந்தோஷமா வாங்கிட்டுப் போவார். ஆனா போர்டு மேல இருக்கிற மூடிகளுக்கு அடியில அரிப்பு மிச்சம் இருந்தா அடுத்த வாரமே செத்துடலாம். அதனால தண்ணி பட்ட போனுக்கு "ஒரே நாள்"னும் சொல்லக் கூடாது, "கேரண்டி"ன்னும் சொல்லக் கூடாது. அதுக்கு ரெண்டும் தர்றேன்னு ஒரு கடை சொன்னா, அங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க.

பசை விஷயம் ஒண்ணும் இருக்கு. டிஸ்ப்ளேயை ஃப்ரேமோட ஒட்டுற பசை கொஞ்ச நேரத்துல பிடிச்சுக்கும். முழு பலம் வர கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். சாயங்காலம் போனைக் கொடுத்துட்டு, "இன்னைக்கு ராத்திரி டைட்டான பாக்கெட்ல வைக்காதீங்க"ன்னு சொல்றவர் நல்ல கடைக்காரர். சொல்லாம கொடுத்தா, ரெண்டு வாரத்துல ஓரம் தூக்கிக்கும். பழி உங்க மேல வரும்.

இதையெல்லாம் வச்சு நாங்க எழுதின வரி இது:

> டிஸ்ப்ளே, பேட்டரி: பார்ட் எங்களிடம் ஸ்டாக் இருந்து, மதியம் 2 மணிக்குள் போனைக் கொடுத்தால், அன்று இரவு 8 மணிக்குள் தருவோம். ஸ்டாக் இல்லை என்றால் போனை வாங்கும் முன்பே சொல்லிவிடுவோம். தண்ணீர் பட்ட போன், போர்டு வேலை: நேரம் சொல்ல முடியாது, திறந்து பார்த்த பிறகே சொல்வோம்.

பழைய வரியைவிட நீளம்தான். ஆனா "ஒரே நாள்"ங்கிற வாக்கு இதுல காணாமப் போகல. எந்த வேலைக்கு, எத்தனை மணிக்குள்ளன்னு தெளிவாயிடுச்சு. மாசக் கடைசியில லீவு போட முடியாத உங்களுக்கு "ஒரே நாளில்"ங்கிறதைவிட "8 மணிக்குள்"ங்கிறதுதான் உபயோகம்.

இரண்டாவது வார்த்தை: "ஒரிஜினல்"

"100% ஒரிஜினல்னு போடாதே"ன்னு சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துடுச்சு. "மச்சான், எல்லாரும் அப்படித்தான்டா போடுறாங்க. நான் மட்டும் காப்பின்னு போட்டா எவன் வருவான்?"

நியாயமான பயம்தான். ஆனா ஒரே மாடலுக்கு மார்க்கெட்ல பல தரத்துல டிஸ்ப்ளே கிடைக்குது. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கிடைக்கிறது ஒண்ணு. பழைய போன்லருந்து கழட்டின நிஜ ஒரிஜினல் ஒண்ணு. வேற தயாரிப்பாளர் செய்ற ஓஎல்இடி ஒண்ணு. ஓஎல்இடி இருந்த இடத்துல போடுற விலை குறைஞ்ச எல்சிடி காப்பி ஒண்ணு. விலையிலயும் பெரிய வித்தியாசம் இருக்கும். எல்லாத்தையும் கவுன்டர்ல "ஒரிஜினல் குவாலிட்டி"ன்னே சொல்லிடலாம். "குவாலிட்டி"ங்கிற அந்த ஒட்டு வார்த்தையை நாம கவனிக்கிறதில்ல.

காப்பி போடுறது தப்பு இல்ல. மூணு வருஷப் பழைய போனுக்கு இன்னும் ஒரு வருஷம் ஓட்டினா போதும்னா காப்பி டிஸ்ப்ளே புத்திசாலித்தனமான செலவுதான். காப்பிக்கு ஒரிஜினல் காசு கொடுக்கிறதுதான் நஷ்டம்.

கண்டுபிடிக்கிறது எப்படி? உங்க போன்ல முன்னாடி ஓஎல்இடி இருந்திருந்தா, இருட்டான இடத்துல முழுக் கறுப்புப் படம் ஒண்ணைத் திறந்து பாருங்க. ஓஎல்இடின்னா நிஜமாவே கறுப்பா இருக்கும். எல்சிடி காப்பின்னா சாம்பல் வெளிச்சம் கசியும். ஸ்க்ரீன்லயே கைரேகை வைக்கிற போன்னா, எல்சிடி காப்பி போட்டதும் அந்தக் கைரேகை வேலை செய்யாது. புதிய ஐபோன்கள்ல Settings > General > About போய்ப் பாருங்க. ஆப்பிளால உறுதி செய்ய முடியாத டிஸ்ப்ளேன்னா Unknown Part மாதிரி குறிப்பு அங்க தெரியும்.

நாங்க போர்டுல எழுதினது:

> டிஸ்ப்ளே இரண்டு தரத்தில் கிடைக்கும்: ஒரிஜினல், காப்பி. இரண்டின் விலையும் முதலிலேயே சொல்வோம். எதைப் போட்டோம் என்று பில்லில் எழுதித் தருவோம்.

கடைசி வரிதான் இதுல உயிர். வாயால சொல்றதுக்கும் பில்லுல எழுதுறதுக்கும் நடுவுலதான் என் 3,400 ரூபாய் போச்சு.

மூன்றாவது வார்த்தை: "கேரண்டி"

இங்கதான் அன்னைக்கு ரொம்ப நேரம் சண்டை போட்டோம்.

டிஸ்ப்ளே தானா கெட்டுப்போற விதம் சிலது: கோடு விழுறது, டச் வேலை செய்யாம போறது, கலர் மாறுறது, ஒட்டின ஓரம் தூக்கிக்கிறது. இதெல்லாம் பார்ட்டோட குறை, இல்லன்னா மாட்டினவரோட குறை. கஸ்டமர் கெடுக்கிற விதம் சிலது: கீழே போட்டு விரிசல், அழுத்தினதால ஒரு புள்ளியிலருந்து பரவுற கறுப்பு மை மாதிரி கறை, தண்ணி. முதல் வகைக்குக் கேரண்டி தரணும், ரெண்டாவது வகைக்குத் தர முடியாது. இதுல யாருக்கும் கருத்து வேறுபாடு இல்ல.

பிரச்சனை எங்கன்னா, எந்த வகைன்னு முடிவு பண்றது யாரு? என் கேஸ்ல கடைக்காரரே தீர்ப்பு சொல்லிட்டார். ஸ்க்ரீன்ல ஒரு கீறல்கூட இல்ல, ஆனா "பிரஷர்"னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல நான் என்னத்தைப் பேசுறது?

அதனால நான் சொன்னேன்: "கண்ணுக்குத் தெரியுற அடையாளம் இருந்தா மட்டும் கஸ்டமர் தப்புன்னு எழுது. விரிசல், மை மாதிரி கறை, உள்ள தண்ணி பட்டா சிவக்கிற ஸ்டிக்கர். இந்த மூணுல ஒண்ணாவது இருக்கணும். மூணும் இல்லன்னா சந்தேகத்தோட பலன் கஸ்டமருக்கு."

"அப்போ ஊர்ல இருக்கிறவன் எல்லாம் வந்து ஏமாத்துவான்டா!"

"எத்தனை பேரு? கணக்கு போட்டுப் பார்ப்போம்."

நண்பர்களே, இந்தக் கணக்குதான் நம்ம பக்கத்துக்கு ஏத்த பகுதி. சுலபமா புரியணும்னு ரவுண்டான எண்களை வச்சுக்குவோம். மாசம் 40 டிஸ்ப்ளே மாத்துறான். அதுல 3 போன் கேரண்டி காலத்துக்குள்ள திரும்பி வருது. ஒண்ணுல விரிசல் தெரியுது, அது கஸ்டமர் கணக்கு. மிச்சம் ரெண்டுக்கு இலவசமா மாத்திக் கொடுக்கணும். டிஸ்ப்ளே அவனுக்கு 1,900 ரூபாய்க்கு விழுதுன்னா, ரெண்டுக்கு 3,800. அதை 40 வேலைக்குப் பிரிச்சா ஒரு வேலைக்கு 95 ரூபாய். ஏமாத்துறவங்க ரெண்டு பேரு கூடுதலா வந்தாலும் 190 ரூபாய்தான்.

இந்த 95 ரூபாயை மொத்த வியாபாரிகிட்ட வாங்கிட முடியாதான்னு கேட்டேன். பெரும்பாலும் முடியாது. மொத்தக் கடைகள் பொதுவா மாட்டிப் பார்க்கிறதுக்கு முன்னாடி, மேல இருக்கிற ஃபிலிமும் ஸ்டிக்கரும் கலையாம இருந்தாத்தான் திருப்பி வாங்குவாங்க. அதை "டெஸ்டிங் வாரண்டி"ம்பாங்க. ஒட்டின பிறகு வர்ற கேரண்டி முழுக்க சர்வீஸ் கடைக்காரர் பாக்கெட்லருந்து வர்றதுதான்.

அதனால ஒரு உண்மையை மனசுல வச்சுக்குங்க. கேரண்டிக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை நீங்க கொடுக்கிற தொகைக்குள்ளதான் இருக்கணும். தெருவிலேயே கம்மி ரேட்டும், தெருவிலேயே நீளமான கேரண்டியும் ஒரே போர்டுல இருந்தா, அந்த ரெண்டுல ஒண்ணு பெரும்பாலும் நடக்காது. நடக்காதது எதுன்னு நாலாவது மாசம்தான் தெரியும்.

கணக்கைப் பார்த்ததும் அவனுக்கு மனசு வந்துடுச்சு. வேலைக்கு 100 ரூபாய் ரேட் ஏத்தினான். ஆனா கேரண்டி காலத்தைக் குறைச்சான்: ஒரிஜினலுக்கு 6 மாதம், காப்பிக்கு 3 மாதம். "காப்பிக்கு 6 மாசம் எனக்கே நம்பிக்கை இல்ல"ன்னான். அன்னைக்கு முழுக்க அவன் சொன்னதுலயே நேர்மையான வாக்கியம் அதுதான்.

போர்டுல கடைசியா வந்தது:

> கேரண்டி: ஒரிஜினல் டிஸ்ப்ளே 6 மாதம், காப்பி 3 மாதம், பில் தேதியிலிருந்து. கோடு, டச் கோளாறு, கலர் மாற்றம், ஓரம் தூக்குதல் வந்தால் இலவசமாக மாற்றித் தருவோம். அதே குறை மீண்டும் வந்தால் பணம் திருப்பித் தருவோம். விரிசல், அழுத்தக் கறை, தண்ணீர் பட்ட அடையாளம் இருந்தால் கேரண்டி இல்லை. இந்த அடையாளம் எதுவும் இல்லை என்றால், குறை எங்களுடையது என்றே எடுத்துக்கொள்வோம்.

"கேரண்டி இல்லை"ங்கிற வரியும் அதே எழுத்து அளவுலதான் இருக்கணும்னு ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்கிட்ட சொல்லிட்டோம். கீழே எறும்பு சைஸ்ல "விதிமுறைகளுக்கு உட்பட்டது" கிடையாது.

சரி, நீங்க என்ன செய்யணும்?

எல்லாக் கடையிலயும் இப்படி போர்டு இருக்காது. ஆனா போனைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க மூணு கேள்வி கேட்கலாம். பார்ட் இப்போ ஸ்டாக்ல இருக்கா, எத்தனை மணிக்குக் கிடைக்கும்? போடப்போறது ஒரிஜினலா காப்பியா? கெட்டுப்போனா மாத்துவீங்களா, பணம் தருவீங்களா, எது எதுக்குத் தர மாட்டீங்க? பதில்களை பில்லுல எழுதச் சொல்லுங்க. ரெண்டு வரி போதும். கூடவே போனோட ஐஎம்இஐ நம்பரையும் எழுதச் சொல்லுங்க. *#06# அடிச்சா அந்த நம்பர் வரும். டிஸ்ப்ளே செத்துட்டா போன் வாங்கின பெட்டி மேல பாருங்க. "இது நாங்க போட்ட போனே இல்ல"ங்கிற பேச்சு அப்போ வராது.

போனைத் திரும்ப வாங்கும்போது கவுன்டர்லயே நின்னு டச், கேமரா, கைரேகை, ஸ்பீக்கர் எல்லாத்தையும் பாருங்க. வெளிச்சத்துல ஸ்க்ரீனை ஒரு போட்டோ எடுத்து வையுங்க. கொடுத்த அன்னைக்கு எப்படி இருந்துச்சுங்கிறதுக்கு அது சாட்சி. போனைக் கொடுக்கும்போது சிம்மைக் கழட்டிடுங்க. ஸ்க்ரீன் லாக் கேட்டா, நீங்களே பக்கத்துல நின்னு திறந்து காட்டுங்க. யுபிஐ பின் எந்த ரிப்பேருக்கும் தேவையில்ல.

எழுதித் தர மாட்டேன்னு சொன்னா? ரேட்டைக் கேரண்டி இல்லாத ரேட்டாவே எடுத்துக்கிட்டு ஒப்பிடுங்க. உதாரணத்துக்கு, ஒரு கடையில 2,900 ரூபாய், வாயால 6 மாசம். இன்னொரு கடையில 3,300 ரூபாய், பில்லுல 6 மாசம். வித்தியாசம் 400 ரூபாய். நாலாவது மாசம் கெட்டா முதல் கடையில உங்க மொத்தச் செலவு 5,800. ரெண்டாவது கடையில 3,300தான்.

சட்டமும் உங்க பக்கம் கொஞ்சம் இருக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தராம இருக்கிறதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கவோ பணம் தரவோ பில்லுல காலம் போடலைன்னா, சட்டம் 30 நாள்னு வச்சிருக்கு.  பொய்யான கேரண்டி தர்ற விளம்பரம் அதே சட்டத்துல தவறான விளம்பரம். விளம்பரம்ங்கிறதுக்குள்ள அறிவிப்பு, லேபிள், பில்கூட வரும். அதனால கடை போர்டையும் போட்டோ எடுத்து வையுங்க. பேச்சுவார்த்தையில முடியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதியலாம். அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. நீங்க குடியிருக்கிற, இல்ல வேலை பார்க்கிற மாவட்டத்துலயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான விஷயத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது.

நான் இதையெல்லாம் செஞ்சேனான்னு கேட்டா, இல்ல. என் பில்லுல எழுதியிருந்தது "6 மா. கே." மட்டும்தான். எடுத்து நீட்ட என்கிட்ட வேற எதுவும் இல்ல. உங்ககிட்ட இருக்கணும்னுதான் இதை எழுதுறேன்.

ஃப்ரெண்டோட போர்டு இப்போ மாட்டியாச்சு. முதல் வாரம் ஒருத்தர் நின்னு முழுசா படிச்சுட்டு, "என்னப்பா, கேரண்டி இல்லைன்னெல்லாம் போட்டிருக்கே?"ன்னு கேட்டாராம். "ஆமா சார், மேல இருக்கிறதுக்கெல்லாம் இருக்கு"ன்னு இவன் சொன்னானாம். அவர் போனைக் கொடுத்துட்டுப் போயிட்டாராம்.

உங்க கையில இருக்கிற சர்வீஸ் பில்லை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. கேரண்டின்னு என்ன எழுதியிருக்கு? கமெண்ட்ல அந்த வரியை மட்டும் போடுங்க, கடை பேர் வேண்டாம். அடுத்த வீடியோல அதுல சிலதை எடுத்து, எது நிக்கும், எது நிக்காதுன்னு சேர்ந்து பார்ப்போம்.